திறக்காத ஃபைலைப் பூட்டியது யார்?

மாதக் கடைசி. ஆறு கணினிகள் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கணினியில் பொது ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. மற்ற ஐந்து கணினிகளிலிருந்தும் அதைத் திறக்கலாம். சம்பளக் கணக்கு அங்கே sambalam.xlsx என்ற பெயரில் கிடக்கிறது. காலையில் வந்ததும் கணக்காளர் அதைச் சொடுக்குகிறார். எக்செல் திறப்பதற்குப் பதிலாக ஒரு சிறிய பெட்டி வந்து நிற்கிறது: “sambalam.xlsx is locked for editing by 'Admin'”. கீழே Read Only, Notify, Cancel என்று மூன்று பொத்தான்கள்.

“யாரும்மா சம்பள ஃபைலைத் திறந்து வெச்சிருக்கீங்க?” என்று அறை முழுக்கக் கேட்கிறார். யாருமில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்க்கிறார். எந்தத் திரையிலும் எக்செல் இல்லை. அட்மின் என்ற பெயரில் அந்த அலுவலகத்தில் ஆளே கிடையாது. யாரோ ஒருவர் யோசனை சொல்கிறார்: “பேசாம ஒரு காப்பி எடுத்து அதுல போட்டுடுங்க சார்.” மதியத்துக்குள் sambalam-new.xlsx பிறக்கிறது. அடுத்த மாதம் எது சரியான ஃபைல் என்று தேட வேண்டிய வேலையும் அதோடு சேர்ந்தே பிறக்கிறது.

கூட்டாக வேலை பார்க்கும் அலுவலகங்களில் இந்தச் செய்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அணைத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் செய்தி பொய் சொல்வதில்லை. ஃபைலை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பிடித்திருந்ததற்கான தடயம் அங்கே கிடக்கிறது. பிடித்திருப்பது ஒரு மனிதர் என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் தேடல் தவறான இடத்தில் நடக்கிறது.

பூட்டு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். பூட்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பத்தரை மணிக்கு இரண்டு பேர் ஒரே சம்பள ஃபைலைத் திறக்கிறார்கள். ஒருவர் அகவிலைப்படியைத் திருத்திப் பதினோரு மணிக்குச் சேமிக்கிறார். இன்னொருவர் விடுப்பு நாட்களைத் திருத்திப் பதினொன்று பத்துக்குச் சேமிக்கிறார். இரண்டாமவரின் திரையில் இருந்தது பத்தரை மணிக்குத் திறந்த பழைய பிரதி; அதில் அகவிலைப்படித் திருத்தம் கிடையாது. அவர் சேமித்த நொடியில் முதலாமவரின் அரை மணி நேர வேலை அழிந்துவிடுகிறது. எந்த எச்சரிக்கையும் வராது. சம்பளம் கைக்குப் போன பிறகுதான் தெரியும். இதைத் தடுக்கத்தான் முதலில் திறந்தவருக்கு மட்டும் எழுதும் உரிமையைக் கொடுத்து, பின்னால் வருபவரை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறார்கள். 1984இல் வந்த எம்எஸ்-டாஸ் 3.0 பதிப்பிலேயே இதற்கென SHARE என்று ஒரு தனி நிரல் இருந்தது. பிரச்சினை அவ்வளவு பழையது.

இன்றைய விண்டோஸில் இந்தப் பூட்டு இரண்டு இடங்களில் பதிவாகிறது. இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை. இதைப் புரிந்துகொண்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

முதல் பதிவு விண்டோஸின் நினைவகத்தில் இருக்கிறது. எக்செல் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, “இதில் நான் எழுதப்போகிறேன், நான் விடும்வரை வேறு யாரையும் எழுத விடாதே” என்று விண்டோஸிடம் சொல்லிவைக்கிறது. விண்டோஸ் அதைக் குறித்துக்கொள்கிறது. ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தால், அந்த ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியின் விண்டோஸ்தான் குறித்துக்கொள்ளும். எக்செல் மூடப்பட்டதும் பதிவு நீங்கும். எக்செல் பாதியில் செத்துப்போனாலும், கணினி அணைந்துபோனாலும் சீக்கிரத்தில் நீங்கிவிடும். ஒரு நிரல் உயிரோடு இருந்து பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் இந்தப் பூட்டுக்கு ஆயுள்.

இரண்டாவது பதிவு வன்தட்டில் இருக்கும் ஒரு குட்டி ஃபைல். sambalam.xlsx திறந்த மறுகணமே அதே ஃபோல்டரில் ~$sambalam.xlsx என்று ஒன்று முளைக்கும். மறைக்கப்பட்ட ஃபைல் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. எக்செல் உருவாக்குவது 165 பைட், வேர்டு உருவாக்குவது 162 பைட். மைக்ரோசாஃப்ட் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஓனர் ஃபைல். பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டு இறங்கிப்போவது போலத்தான் இது: ஆள் இருக்கிறாரோ இல்லையோ, துண்டு கிடக்கும். ஃபைலைச் சரியாக மூடினால் எக்செலோ வேர்டோ போகும்போது இதையும் அழித்துவிட்டுப் போகும். மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால், அல்லது நிரல் உறைந்து பலவந்தமாக மூடப்பட்டால், அழிக்க ஆள் இல்லாமல் அது அங்கேயே கிடக்கக்கூடும். எத்தனை முறை கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. அது வன்தட்டில் இருக்கும் ஃபைல்தானே.

அந்த 165 பைட்டுக்குள் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு தகவல்தான்: திறந்தவரின் பெயர். எந்தக் கணினி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இல்லை. அந்தப் பெயரும் விண்டோஸில் உள்நுழையும் பெயர் அல்ல. எக்செலில் File, Options, General என்று போனால் User name என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஓனர் ஃபைலுக்குப் போகிறது. ஆஃபீஸ் நிறுவ வந்தவர் அன்று அட்மின் என்று தட்டிவிட்டுப் போயிருந்தால், அந்தக் கணினியில் யார் உட்கார்ந்து எதைத் திறந்தாலும் மற்றவர்களுக்கு அட்மின்தான். ஆறு கணினியையும் ஒரே ஆள் ஒரே மாதிரி அமைத்திருந்தால் ஆறும் அட்மின். போன வருடம் வேலையை விட்டுப்போனவரின் பெயர் இன்றைக்கும் செய்தியில் வந்து நிற்பதற்கும் காரணம் இதுதான். அவர் உட்கார்ந்திருந்த கணினியில் அந்தக் கட்டத்தை யாரும் மாற்றவில்லை, அவ்வளவே.

ஆக, செய்தியில் வரும் பெயரை வைத்து ஆளைத் தேடுவது வீண் அலைச்சல். ஆனால் பெயரிலிருந்து வேறொரு துப்பு கிடைக்கும். உங்கள் கணினிக்கே உரிய பெயர் வந்தால், பிடித்திருப்பது பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது, அல்லது முன்பு நீங்கள் திறந்தபோது விட்டுப்போன ஓனர் ஃபைல் கிடக்கிறது. பெயரே இல்லாமல் 'another user' என்று மட்டும் வந்தால், எக்செல் பெயரைப் படிக்க ஓனர் ஃபைலைத் தேடிக் காணாமல் திரும்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதாவது, முறையாக எக்செலில் திறக்காமல் வேறு ஏதோ ஒன்று ஃபைலைப் பிடித்திருக்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்பதற்குப் பின்னால் வருவோம்.

சம்பள ஃபைலின் கதையைத் தொடர்வோம். மேசை மேசையாக அலைந்து பலனில்லை. போக வேண்டிய இடம் பொது ஃபோல்டர் இருக்கும் கணினி. யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கணினியில் நிர்வாகி உரிமையோடு Computer Management என்பதைத் திறந்து, System Tools, அதற்குள் Shared Folders, அதற்குள் Open Files என்று போனால், நெட்வொர்க் வழியாகத் திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலும் அதைத் திறந்த கணக்கின் பெயரோடு வரிசையாகத் தெரியும். பக்கத்தில் Sessions என்று இருப்பதில் எந்தக் கணினி, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது என்பதும் தெரியும். பவர்ஷெல் பழகியவர்கள், அதையும் நிர்வாகி உரிமையோடு திறந்து, ஒரே வரியில் கேட்டுவிடலாம்:

```
Get-SmbOpenFile | Where-Object Path -like "*sambalam*" |
  Select-Object FileId, ClientComputerName, ClientUserName
```

கணக்காளர் கேட்டதற்கு வந்த பதிலில் ஒரு கணினியின் முகவரி இருக்கிறது: 192.168.1.14. ஜன்னலோரம் இருக்கும் கணினி அது. காலை ஷிஃப்டில் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் உறுதியாகச் சொல்கிறார்: “நான் வந்ததிலேர்ந்து எக்செல்லையே தொடலை சார். நீங்களே பாருங்க.” திரையில் உண்மையிலேயே எக்செல் இல்லை. டாஸ்க்பாரிலும் இல்லை.

அவர் சொல்வது உண்மை. பட்டியல் சொல்வதும் உண்மை. Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Users என்ற பக்கத்துக்குப் போனால் விஷயம் வெளியே வருகிறது. அங்கே இரண்டு பெயர்கள். ஒன்று இப்போது வேலை பார்ப்பவருடையது. இன்னொன்று நேற்று மாலை அதே கணினியில் வேலை பார்த்தவருடையது. அவர் போகும்போது Sign out செய்யவில்லை. திரையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் வந்தவர் அதே திரையில் தன் கணக்கைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிட்டார். விண்டோஸ் இரண்டு பேருக்கும் தனித்தனி மேசை வைத்திருக்கிறது. நேற்றையவரின் மேசை கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் அப்படியே உயிரோடு இருக்கிறது. அந்தப் பெயரை விரித்துப் பார்த்தால் அடியில் Microsoft Excel. உள்ளே சம்பள ஃபைல்.

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. அந்த எக்செலைத் தேர்ந்தெடுத்து End task கொடுத்தால் பூட்டு அந்த நொடியே விடுபடும். ஆனால் நேற்று மாலை செய்த வேலையைச் சேமிக்காமல் போயிருந்தால், அதுவும் சேர்ந்து போய்விடும். ஃபோல்டர் இருக்கும் கணினியின் பட்டியலில் ஃபைல் மீது வலது சொடுக்கி Close Open File கொடுப்பதிலும், பவர்ஷெல்லில் Close-SmbOpenFile கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே நிலைமை இன்னும் மோசமாகலாம்: ஃபைலைத் திறந்தவருக்கு எந்தத் தகவலும் போகாது. அவர் தட்டிக்கொண்டே இருப்பார், சேமிக்கப் போகும்போதுதான் பிரச்சினை தெரியும். அவர் நடுவில் சேமித்துக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் ஃபைலே சிதையலாம். எனவே சரியான வழி, நேற்றையவருக்கு ஒரு போன் போடுவதுதான். அவர் வந்து, அல்லது அவருடைய சம்மதத்தோடு, அந்தக் கணக்கில் உள்ளே போய்ச் சேமித்து மூடிவிட்டு Sign out செய்தால் காரியம் முடிந்தது. ஐந்து நிமிட வேலை, யாருடைய உழைப்பும் வீணாகாது. ஆளைப் பிடிக்கவே முடியாத அவசரத்தில் மட்டும் பலவந்தமாக மூடலாம். அதற்கு முன் வன்தட்டில் இருக்கும் ஃபைலின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட வேண்டும்.

பட்டியலுக்கு ஒரு எல்லை உண்டு. நெட்வொர்க் வழியாக வந்து திறந்தவர்களை மட்டுமே அது காட்டும். பொது ஃபோல்டர் இருக்கும் கணினியில் உட்கார்ந்து, அங்கிருந்தே ஒருவர் நேரடியாகத் திறந்திருந்தால் அந்தப் பட்டியலில் வரமாட்டார். சிறிய அலுவலகங்களில் சர்வர் என்று தனியாக ஒன்று இருக்காது. யாரோ ஒருவர் வேலை பார்க்கும் கணினியே பொது ஃபோல்டருக்கும் இருப்பிடமாக இருக்கும். அங்கே பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்து “யாருமே திறக்கலை” என்று முடிவுகட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அந்தக் கணினியிலேயே எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று பார்க்க விண்டோஸோடு வரும் Resource Monitor போதும். ஸ்டார்ட்டில் resmon என்று தட்டித் திறந்து, CPU பக்கத்தில் Associated Handles என்ற பகுதியின் தேடல் கட்டத்தில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியைத் தட்டினால், அதைப் பிடித்திருக்கும் நிரலின் பெயர் வரும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள File Locksmith இதையே ஃபைல் மீது வலது சொடுக்கில் காட்டிவிடுகிறது. வேறு யாரும் தொடாத, சொந்த லேப்டாப்பில் இருக்கும் ஃபைலுக்கே இந்தச் செய்தி வந்தாலும் இதே வழிதான்.

அப்படித் தேடும்போது பெரும்பாலும் அகப்படுவது EXCEL.EXE அல்லது WINWORD.EXE. ஜன்னல் இல்லை, ஆனால் நிரல் இருக்கிறது. வேறொரு மென்பொருள் எக்செலைப் பின்னணியில் இயக்கி அறிக்கை எழுதச் சொல்லிவிட்டு, மூடச் சொல்ல மறந்திருக்கும். யாரோ எழுதிய மேக்ரோ பாதியில் தடுக்கி நின்றிருக்கும். “மாற்றங்களைச் சேமிக்கவா?” என்று கேட்கும் பெட்டி வேறு ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்னது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டாஸ்க் மேனேஜரில் End task பக்கம் போக வேண்டும்.

சில சமயம் அகப்படுவது எக்செலே அல்ல, prevhost.exe என்ற நிரலாக இருக்கும். 'another user' என்று பெயரில்லாமல் வரும் செய்திக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஃபைல் எக்ஸ்புளோரரில் வலது பக்கம் Preview pane என்று ஒன்றைத் திறந்துவைக்கலாம். ஒரு ஃபைலின் மீது ஒரே ஒரு முறை சொடுக்கினால், திறக்காமலேயே உள்ளே இருப்பதை அது காட்டும். காட்ட வேண்டுமென்றால் ஃபைலை அது திறந்தாக வேண்டுமல்லவா? அந்தத் திறப்பைச் செய்வது prevhost.exe. பார்ப்பவருக்குத் தான் எதையும் திறந்ததாகவே தோன்றாது. ஃபோல்டருக்குள் போனார், ஒரு பெயரின் மீது சொடுக்கினார், போன் வந்தது, எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வந்து வேறொரு ஃபைலின் மீது சொடுக்கும்வரை மற்றவர்களுக்கு அது பூட்டப்பட்டதாகத் தெரியலாம். கேட்டால் “நான் திறக்கவே இல்லை” என்று உறுதியாகச் சொல்வார்; அவர் சொல்வதில் தவறும் இல்லை. பொது ஃபோல்டரில் வேலை பார்க்கும் கணினிகளில் இந்த வசதியை அணைத்து வைப்பதே நல்லது. எக்ஸ்புளோரரில் Alt, P இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது மறையும், மறுபடி அழுத்தினால் வரும்.

எதுவுமே அகப்படவில்லை என்றால்? பட்டியலில் இல்லை, Resource Monitorஇல் இல்லை, செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது மிஞ்சுவது வன்தட்டில் அநாதையாகக் கிடக்கும் ஓனர் ஃபைல். எக்செலைவிட வேர்டில்தான் இது அதிகம் தொந்தரவு தரும். எக்செல் முக்கியமாகப் பார்ப்பது விண்டோஸின் உயிருள்ள பூட்டை. வேர்டோ, ஓனர் ஃபைல் கிடந்தாலே ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும். மின்வெட்டுக்குப் பிறகு ஒரு கடிதத்தைத் திறக்கப்போய், தன் பெயராலேயே தான் தடுக்கப்பட்டு நிற்பவர்களின் கதை இதுதான்.

தேடுவது எளிது. எக்ஸ்புளோரரில் View, Show, Hidden items என்று கொடுத்தால் மறைந்திருப்பவை மங்கலாகத் தெரியும். கட்டளைச் சாளரத்தில் அந்த ஃபோல்டருக்குப் போய் இப்படிக் கேட்டாலும் சரி:

```
dir /a "~$*"
```

வேர்டு ஃபைலைத் தேடும்போது ஒரு சிறு குழப்பம் வரும். எக்செல் முழுப்பெயருக்கும் முன்னால் ~$ சேர்க்கிறது. வேர்டோ, பெயர் நீளமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ~$ போடுகிறது. kaditham.docx என்ற கடிதத்தின் ஓனர் ஃபைல் ~$ditham.docx என்று இருக்கும். பெயர் சிதைந்துபோயிருப்பதைப் பார்த்து வேறு ஏதோ ஃபைல் என்று விட்டுவிடக்கூடாது.

அகப்பட்டதும் அழிக்கலாமா? அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எல்லாக் கணினிகளிலும் வேர்டை மூடச் சொல்லிவிட்டு, அந்த ~$ ஃபைலின் பெயரை மாற்றிப் பார்க்க வேண்டும். உண்மையில் யாரோ பிடித்திருந்தால், ஃபைல் வேர்டில் திறந்திருக்கிறது என்று சொல்லி விண்டோஸ் பொதுவாக மறுத்துவிடும். மறுத்தால் பிடித்திருப்பவர் எங்கோ உயிரோடு இருக்கிறார். மறுபடி பட்டியலுக்குப் போக வேண்டும். மறுக்காமல் பெயர் மாறிவிட்டால் அது வெறும் மிச்சம், அழித்துவிடலாம். ~$ என்று தொடங்கும் அந்தக் குட்டி ஃபைலில் உங்கள் கடிதத்தின் ஒரு வரிகூட இல்லை என்பதால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் கை தவறி அதற்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான ஃபைலை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க்கில் அழிப்பது மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது.

பொது ஃபோல்டர் இருக்கும் கணினியையே அணைத்துப் போடுவது பல அலுவலகங்களில் வழக்கமான வைத்தியம். அது பல முறை பலிக்கவும் செய்யும். முன்னால் சொன்ன இரண்டு பதிவுகளில் முதலாவதை அது மொத்தமாகத் துடைத்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அதே ஃபோல்டரிலிருந்து வேறு ஃபைல்களைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து பேரின் பிடியும் சேர்ந்து அறுபடும். ஒரு ஃபைலுக்காக ஐந்து பேரின் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தும் செய்தி போகவில்லை என்றால், பிரச்சினை இரண்டாவது பதிவில் இருக்கிறது, ஓனர் ஃபைலைத் தேடலாம் என்று முடிவுக்கு வரலாம்.

லிப்ரேஆஃபீஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தேடல் கொஞ்சம் எளிது. அதுவும் ஒரு குட்டி ஃபைலை உருவாக்குகிறது. sambalam.ods என்ற ஃபைலுக்கு .~lock.sambalam.ods# என்று இருக்கும். இதை நோட்பேடில் திறந்து படித்துவிடலாம். பயனரின் பெயர், கணினியின் பெயர், திறந்த தேதி, நேரம் எல்லாம் காற்புள்ளி போட்டு அடுத்தடுத்து இருக்கும். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. அதே கணினியில், அதே பயனர் முன்பு விட்டுப்போன பூட்டு என்று தெரிந்தால், லிப்ரேஆஃபீஸ் தானே அதைத் தள்ளிவிட்டுத் திறந்துகொள்ளும். வேறொரு கணினி விட்டுப்போனதைத்தான் அதனால் தீர்மானிக்க முடியாது. அப்போது கேட்கிறது. மைக்ரோசாஃப்டின் 165 பைட்டில் கணினியின் பெயருக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தால் எத்தனையோ அலுவலகங்களின் காலை நேரம் மிச்சமாகியிருக்கும்.

அது இல்லாத குறையை நாமே ஓரளவு ஈடுகட்டலாம். ஒவ்வொரு கணினியிலும் Options பக்கத்தில் உள்ள User name கட்டத்தில், உட்காரும் ஆளின் பெயருக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ, கணினி இருக்கும் இடத்தை எழுதிவைக்கலாம்: ஜன்னலோரம், கேஷ் கவுன்டர், மாடி 2 என்று. ஆஃபீஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்திருந்தால் கணக்கின் பெயரே முந்திக்கொள்ளும். அதைத் தடுக்கக் கட்டத்துக்குக் கீழே Always use these values என்று தொடங்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதையும் குறித்துவிட வேண்டும். அதன் பிறகு செய்தி வரும்போது அட்மினைத் தேட வேண்டியதில்லை, எழுந்து நேரே அந்த மேசைக்குப் போகலாம். ஆனால் இந்தப் பெயர்தான் அந்தக் கணினியில் எழுதும் பின்னூட்டங்களிலும், புதிதாக உருவாக்கும் ஃபைல்களின் ஆசிரியர் பெயராகவும் பதிவாகும். வெளியாருக்கு ஃபைல் அனுப்பும் அலுவலகங்கள் அதை நினைவில் வைத்துப் பெயரிட வேண்டும்.

பெட்டியில் இருக்கும் பொத்தான்களில் Notify என்பதைப் பலரும் தொடுவதே இல்லை. அதைச் சொடுக்கினால் ஃபைல் வாசிக்க மட்டும் திறக்கும். பிடித்திருப்பது விட்டதும், இப்போது திருத்தலாம் என்று எக்செலே செய்தி சொல்லும். அதில் Read-Write கொடுத்தால் உங்களுக்கு எழுதும் உரிமை வந்துவிடும். ஜன்னலோரக் கணினிக்கு உரியவர் வந்து சேரும்வரை கணக்காளர் செய்ய வேண்டியது இதைத்தான், sambalam-new.xlsx அல்ல.

ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் போன்ற இணையச் சேமிப்பில் இருக்கும் ஃபைல்களுக்கும் இதே செய்தி வருவதுண்டு. அங்கே பூட்டு மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. நாம் போய்ப் பட்டியல் பார்க்க முடியாது. வேர்டோ எக்செலோ திடீரென்று மூடிக்கொண்டு, பூட்டை விடாமல் போய்விட்டால், ஷேர்பாயின்ட் அந்தப் பூட்டைப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு தானே விட்டுவிடும். பத்து நிமிடம் பொறுத்துத் திறப்பதுதான் இதற்கு மருந்து. மறுபடி மறுபடி அதே ஃபைலுக்கு வந்தால் அதன் பெயரின் கடைசியைப் பார்க்க வேண்டும். இணையச் சேமிப்பில் பல பேர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதி .xlsx வடிவத்துக்கு உண்டு, பழைய .xls வடிவத்துக்குக் கிடையாது. 2007க்கு முந்தைய எக்செலில் தொடங்கி, ஆண்டுக்கொரு பிரதியாக இன்றுவரை வந்துகொண்டிருக்கும் சம்பள ஃபைல்கள் எத்தனையோ .xls ஆகவே இருக்கின்றன. அவற்றை ஒரு முறை Save As கொடுத்து .xlsx ஆக மாற்றி, மேக்ரோ இருந்தால் .xlsm ஆக மாற்றி, பழையதை ஃபோல்டரை விட்டு வெளியே எடுத்து வைத்துவிட்டால், அகவிலைப்படியைத் திருத்துபவரும் விடுப்பைத் திருத்துபவரும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் உட்காரலாம்.